"உங்களுக்கு இந்த வேலை சின்னது இல்லையா?" என்று கேட்டார்கள். இப்போது மெயில் போடலாமா?

ஒரகடத்திலிருந்து | 2024 ஜூன் 4, செவ்வாய், காலை 6.50

நேற்று கோவையில் ஒரு பம்பு கம்பெனியில் இன்டர்வியூ. க்வாலிட்டி இன்ஜினியர் வேலை. வெளியிலிருந்து வரும் வார்ப்புகளைச் சோதித்து உள்ளே எடுக்க வேண்டும், சப்ளையர் ஃபவுண்டரிகளோடு பேச வேண்டும்.

எனக்கு வயது 43. சென்னையை அடுத்த ஒரகடம் பக்கம் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் 18 வருடம் இருந்தேன். கடைசி ஐந்து வருடம் க்வாலிட்டி ஹெட், எனக்குக் கீழே 22 பேர். அப்பாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். அம்மாவால் தனியாகச் சமாளிக்க முடியவில்லை. மார்ச்சில் வேலையை விட்டுவிட்டுக் குடும்பத்தோடு கோவைக்கே வந்துவிட்டேன்.

பிளான்ட் மேனேஜர் ஒன்றரை மணி நேரம் பேசினார். ஷாப்ஃப்ளோர் முழுவதும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். கடைசியில் என் ரெசுமேயை மூடி வைத்துவிட்டு, "மேடம், உங்களுக்கு இந்த வேலை சின்னது இல்லையா? ஆறு மாசத்துல போரடிச்சுடுமே" என்றார். "எந்த வேலையும் சின்னது இல்லை சார்" என்றேன். தலையாட்டினார். "ஹெச்ஆர் கூப்பிடுவாங்க" என்றார். அவ்வளவுதான்.

பஸ்ஸில் வரும்போதெல்லாம் அந்தப் பதில்தான் உறுத்திக்கொண்டே இருந்தது. அவர் கேட்டது ஒன்று, நான் சொன்னது ஒன்று. எனக்கு இந்த வேலை நிஜமாகவே வேண்டும். மெயில் போடலாமா? போட்டால் என்ன எழுதுவது? கெஞ்சுகிற மாதிரி ஆகிவிடாதா?

மெக்கானிக்கல் மூன்றாம் வருடம் | ஜூன் 4, காலை 7.15

அக்கா, சம்பளத்தை நீங்கள் முதலில் சொல்லாதீர்கள். அவர்களே சொல்லட்டும். அதற்கு மேல் 30 சதவீதம் கேளுங்கள். எங்கள் பிளேஸ்மென்ட் பயிற்சியில் அப்படித்தான் சொன்னார்கள்.

ஒரகடத்திலிருந்து | ஜூன் 4, காலை 7.22

தம்பி, பேச்சு இன்னும் சம்பளத்துக்கே வரவில்லை. அவர்கள் பயப்படுவதே நான் அதிகம் கேட்பேன் என்றுதான். நான் வாங்கியது வருடம் 21 லட்சம். இந்த வேலைக்கு 9 லட்சம் பக்கம் வரும் என்று கன்சல்டன்ட் சொன்னார்.

சூலூர் | ஜூன் 4, காலை 8.05

ரெசுமேயிலேயே சரிசெய்திருக்க வேண்டும். 'ஹெட்' என்று போட்டதுதான் வம்பு. என் மைத்துனர் எம்.டெக்கை எடுத்துவிட்டு, கடைசி வேலையையும் போடாமல் அனுப்பினார், உடனே கிடைத்துவிட்டது. அடுத்த கம்பெனிக்காவது அப்படிச் செய்து பாருங்கள்.

ஆள்தேர்வு 11 வருடம் | ஜூன் 4, காலை 8.40

சூலூர், அதில் பாதிதான் சரி. இந்த வேலைக்கு எது தேவையோ அதை முன்னால் போட்டு, மற்றதை இரண்டு வரியில் முடிக்கலாம். அதில் தப்பே இல்லை. ஆனால் ஒரு வேலையையே மறைப்பது வேறு. சேரும்போது பிஎஃப்புக்காகப் படிவம் 11 கொடுக்கிறீர்கள், யூஏஎன் எண் கொடுக்கிறீர்கள். அந்த எண்ணுக்குள் எந்தக் கம்பெனியில் எப்போது சேர்ந்தீர்கள், எப்போது விட்டீர்கள் என்று எல்லாம் வரிசையாக இருக்கிறது. உங்கள் மைத்துனரிடம் யாரும் சரிபார்க்கவில்லை, அவ்வளவுதான்.

ஓய்வுபெற்ற வங்கிக்காரர் | ஜூன் 4, காலை 9.10

மறைப்பதைப் பற்றி ஒரு தீர்ப்பே இருக்கிறது. பஞ்சாப் நேஷனல் வங்கி பியூன் வேலைக்கு ஆள் எடுத்தபோது, 12ஆம் வகுப்பு தேறியிருக்க வேண்டும், பட்டதாரியாக இருக்கக் கூடாது என்று விளம்பரத்திலேயே போட்டிருந்தது. ஒருவர் பட்டத்தைச் சொல்லாமல் விண்ணப்பித்துத் தேர்வாகிவிட்டார். பிறகு வங்கிக்குத் தெரிந்து வேலை போயிற்று. ஒரிசா உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றிவிட்டது. தகுதி அதிகம் என்பது ஒருபுறம் இருக்க, உண்மையை மறைத்தவரை வங்கி எப்படி நம்பும் என்பதுதான் அங்கே பெரிய கேள்வியாக நின்றது. தனியார் கம்பெனிக்கு இது அப்படியே பொருந்தாது. ஆனால் மறைத்துவிட்டு உள்ளே போனால் எத்தனை வருடம் ஆனாலும் அந்தப் பயம் கூடவே வரும்.

பீளமேடு | ஜூன் 4, காலை 9.55

நான் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்காருகிறவன். 14 வருடமாக ஒரு மோட்டார் யூனிட்டைப் பார்த்துக்கொள்கிறேன். அவர் ஏன் அப்படிக் கேட்டார் என்று சொல்கிறேன்.

நான்கு வருடத்துக்கு முன்னால் உங்களைப் போலவே பெரிய அனுபவம் உள்ள ஒருவரை இன்ஸ்பெக்‌ஷனுக்கு எடுத்தேன். தங்கமான மனிதர், வேலையும் அப்படித்தான். சப்ளையர்களோடு அவர் பழகி முடிக்கவே மூன்று மாதம் ஆயிற்று. நான்காவது மாதம் அவருடைய பழைய முதலாளி கூப்பிட்டார், போய்விட்டார். மறுபடி விளம்பரம், மறுபடி இன்டர்வியூ. அந்த இடைவெளியில் இரண்டு லோடு கெட்ட வார்ப்பு உள்ளே வந்துவிட்டது. மேலே பதில் சொன்னவன் நான்.

ஆகவே 'உங்களுக்குத் தகுதி அதிகம்' என்று நாங்கள் சொல்லும்போது உங்கள் தகுதியைப் பற்றிப் பேசவில்லை. எங்கள் மனதில் மூன்று கேள்வி ஓடும். நல்ல இடம் வந்தால் போய்விடுவாரா? 22 பேருக்கு உத்தரவு போட்டவர் மைக்ரோமீட்டரைக் கையில் எடுப்பாரா? தன்னைவிடச் சின்னவன் சொன்னால் கேட்பாரா? உங்களிடம் அவர் எதை நினைத்துக் கேட்டார்?

ஒரகடத்திலிருந்து | ஜூன் 4, காலை 10.20

'போரடிச்சுடுமே' என்றாரே, அப்படியானால் முதலாவதுதான். இரண்டாவதும் இருக்கலாம். ஷாப்ஃப்ளோரில் பம்பின் வெளிக்கூடான கேசிங் ஒன்றைத் தூக்கப் போனேன், "விடுங்க மேடம், பசங்க எடுப்பாங்க" என்றார்.

ஆள்தேர்வு 11 வருடம் | ஜூன் 4, காலை 10.45

பீளமேடு சொல்வதை வெளியிலும் ஆராய்ந்திருக்கிறார்கள். அட்மினிஸ்ட்ரேட்டிவ் சயின்ஸ் குவாட்டர்லி இதழில் 2020இல் ஓர் ஆய்வு வந்தது. திறமை அதிகம் உள்ளவரை ஆள் எடுப்பவர்கள் ஒதுக்குவது, இவர் நம்மோடு ஒட்டி நிற்க மாட்டார் என்று தோன்றுவதால்தான் என்று அதில் காட்டியிருந்தார்கள். எனவே உங்கள் திறமைக்கு மேலும் மேலும் சான்று கொடுத்தால் அது உங்களுக்கு எதிராகத்தான் போகும். எழுதும்போது இது ஞாபகம் இருக்கட்டும்.

மெயில் கண்டிப்பாகப் போடுங்கள். இன்டர்வியூ முடிந்து 24 மணி நேரத்துக்குள், பிளான்ட் மேனேஜர் பெயருக்கு, ஹெச்ஆருக்கு ஒரு நகல். வாட்ஸப்பில் வேண்டாம்.

சூலூர் | ஜூன் 4, காலை 11.00

இன்று வாக்கு எண்ணிக்கை. யார் மெயில் பார்க்கப் போகிறார்கள்? நாளைக் காலை அனுப்புங்கள்.

பீளமேடு | ஜூன் 4, காலை 11.10

நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். மெஷின் ஓடுகிறது. இன்றே அனுப்பட்டும்.

ஒரகடத்திலிருந்து | ஜூன் 4, மதியம் 12.30

எழுதிவிட்டேன். அனுப்பும் முன் பாருங்கள். ஆங்கிலத்தில்தான் எழுதினேன், இங்கே தமிழில் தருகிறேன்.

"18 வருட அனுபவத்தில் எங்கள் தொழிற்சாலைக்கு ஐஏடிஎஃப் தரச்சான்று வாங்கித் தந்திருக்கிறேன். உங்கள் சப்ளையர் க்வாலிட்டி அமைப்பையே முழுமையாக மாற்றியமைத்து, நிராகரிப்பைப் பாதியாகக் குறைக்க என்னால் முடியும். எந்தப் பொறுப்பையும் ஏற்கத் தயாராக இருக்கிறேன். சம்பளம் எனக்குப் பொருட்டல்ல. ஒரு வாய்ப்பு தாருங்கள்."

பீளமேடு | ஜூன் 4, மதியம் 12.55

அனுப்பாதீர்கள்.

இது என் மேஜைக்கு வந்திருந்தால் என் சந்தேகம் உறுதியாகியிருக்கும். 'முழுமையாக மாற்றியமைத்து' என்பது க்வாலிட்டி ஹெட் பேசும் பேச்சு, அந்த நாற்காலி அங்கே காலியாக இல்லை. 'எந்தப் பொறுப்பும்' என்றால் இந்தப் பொறுப்பு குறிப்பாக வேண்டும் என்று ஆகாது. 'சம்பளம் பொருட்டல்ல' என்பதை யாரும் நம்ப மாட்டார்கள், வீடு என்று இருந்தால் சம்பளம் பொருட்டுதான்.

ஒன்று கேட்கிறேன். ஷாப்ஃப்ளோரைச் சுற்றினீர்களே, எங்கே நின்றீர்கள்? எதைப் பார்த்து நின்றீர்கள்?

ஒரகடத்திலிருந்து | ஜூன் 4, மதியம் 1.40

ஹைட்ரோ டெஸ்ட் பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்றேன். இதைக் கேட்டபிறகுதான் தோன்றுகிறது, அதைப் பற்றி மெயிலில் ஒரு வார்த்தை இல்லை.

பம்பின் கேசிங்கை மெஷினிங் எல்லாம் முடித்து, வாய்களை அடைத்து, உள்ளே தண்ணீரை அழுத்தத்தோடு நிரப்பி, எங்காவது கசிகிறதா என்று பார்ப்பார்கள். பெஞ்சுக்குக் கீழே சிவப்பு பெயின்ட் அடித்த ஐந்து கேசிங் கிடந்தன. கசிந்த இடத்தைச் சுற்றி வெள்ளைச் சாக்பீஸால் வட்டம் போட்டிருந்தார்கள். குனிந்து பார்த்தேன். மூன்று கேசிங்கில் வட்டம் ஏறக்குறைய ஒரே இடத்தில் இருந்தது, தண்ணீர் வெளியேறும் டெலிவரி ஃபிளான்ஜுக்குக் கீழே நாலு விரல் தள்ளி. மற்ற இரண்டில் வேறு வேறு இடம்.

வார்ப்பில் காற்றுக்குமிழி தங்கினால் அது இன்ன இடம் என்று பார்த்துத் தங்காது. ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் கசிந்தால் அச்சிலேயே அந்த இடத்தில் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். கேசிங்கின் உட்குழிவுக்காக அச்சுக்குள் மணலால் செய்த கோர் வைப்பார்கள். அது நகராமல் இருக்கச் சின்னச் சின்ன இரும்புத் தாங்கி வைப்பார்கள். சாப்லெட் என்பார்கள். உருகிய இரும்பு ஊற்றும்போது அதுவும் வார்ப்போடு ஒன்றாகிவிட வேண்டும். துருப்பிடித்திருந்தாலோ, ஊற்றும் இரும்பின் சூடு குறைந்திருந்தாலோ ஒட்டாது. வெளியே பார்த்தால் தெரியாது, தண்ணீருக்கு மட்டும் வழி தெரிந்துவிடும்.

மெஷினிங் முடிந்தபிறகு கசிவு தெரிந்தால் வார்ப்பின் விலையோடு மெஷினிங் செலவும் சேர்ந்து போகிறது. அதைத்தான் யோசித்துக்கொண்டு நின்றேன். பிளான்ட் மேனேஜர் அதற்குள் அடுத்த பகுதிக்கு நடந்துவிட்டார், கேட்க முடியவில்லை.

பீளமேடு | ஜூன் 4, மதியம் 1.52

இதை எழுதுங்கள். வேறெதுவும் வேண்டாம்.

ஆள்தேர்வு 11 வருடம் | ஜூன் 4, மதியம் 2.05

இதோடு, ஏன் போக மாட்டீர்கள் என்பதற்குச் சரிபார்க்கக்கூடிய ஒரு காரணமும் வேண்டும். 'நீண்ட காலம் இருப்பேன்' என்று யாரும் எழுதலாம். வீடு மாற்றியது, பிள்ளையைப் பள்ளியில் சேர்த்தது மாதிரி ஏற்கெனவே நடந்துவிட்ட ஒன்றைச் சொல்லுங்கள். அப்பாவின் டயாலிசிஸை எழுதாதீர்கள். படிக்கிறவருக்கு வாரம் மூன்று நாள் லீவு என்றுதான் கேட்கும்.

பீளமேடு | ஜூன் 4, மதியம் 2.15

இதில் எனக்கு உடன்பாடில்லை. ஊர் மாறியதற்கு உண்மையான காரணமே அப்பாதான். அதைச் சொன்னால்தான் திரும்பிப் போக மாட்டார் என்று நம்புவேன். பள்ளிக்கூடத்தை அடுத்த வருடம் மாற்றலாம்.

ஆள்தேர்வு 11 வருடம் | ஜூன் 4, மதியம் 2.20

நீங்கள் நம்புவீர்கள். எல்லா மேனேஜரும் நீங்கள் இல்லை. அதோடு எழுத்தில் போய்விட்டால் அந்த மெயில் யார் யார் கைக்குப் போகும் என்று தெரியாது. நேரில் கேட்டால் சொல்லலாம்.

கணக்குப் பிரிவு | ஜூன் 4, மாலை 3.00

இடையில் என் கதை. கணவரின் மாற்றலால் திருச்சி வந்தேன். அதற்கு முன் ஃபைனான்ஸ் மேனேஜர். இங்கே அக்கவுன்ட்ஸ் எக்ஸிக்யூட்டிவ் வேலைக்குப் போனபோது இதே கேள்வி. கூடவே "வீட்டுக்காரருக்கு மறுபடி மாற்றல் வந்தா?" என்றும் கேட்டார்கள். கோபத்தில் மெயில், போன் எதுவும் செய்யவில்லை. இரண்டு மாதம் கழித்து அதே விளம்பரம் மறுபடி வந்தது. எடுத்த பெண் ஓடிவிட்டாள் போல. இந்த முறை நானே போன் செய்து, "ஜிஎஸ்டி தாக்கலும் மாதக் கணக்கு முடிப்பும் நானே கையால் செய்வேன், எனக்குக் கீழே ஆள் வேண்டாம்" என்றேன். கிடைத்தது. முதல் தடவையே சொல்லியிருந்தால் இரண்டு மாதச் சம்பளம் மிச்சம். அந்த மாற்றல் கேள்வியை ஆண்களிடம் யாராவது கேட்பார்களா என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஒரகடத்திலிருந்து | ஜூன் 4, மாலை 4.10

அனுப்பிவிட்டேன். இதுதான்:

"நேற்று நேரம் ஒதுக்கியதற்கு நன்றி. இந்த வேலை எனக்குச் சின்னது இல்லையா என்று கேட்டீர்கள். அப்போது சரியாகப் பதில் சொல்லவில்லை. கடைசி ஐந்து வருடம் என் நாளில் பெரும்பகுதி மீட்டிங்கிலும் ஆடிட்டிலும் போயிற்று. வார்ப்பைக் கையில் எடுத்துப் பார்த்தது குறைவு. எனக்குப் பிடித்த வேலை அதுதான். நீங்கள் எடுக்கும் இந்த வேலையில் நாள் முழுவதும் அதுதான் இருக்கிறது.

மார்ச்சில் குடும்பத்தோடு கோவை வந்துவிட்டோம். மகனுக்கு இங்கே ஒன்பதாம் வகுப்பு அட்மிஷன் போட்டாயிற்று. சென்னைப் பக்கம் திரும்பும் எண்ணம் இல்லை.

நேற்று டெஸ்ட் பெஞ்சுக்குக் கீழே ஐந்து கேசிங் பார்த்தேன். மூன்றில் டெலிவரி ஃபிளான்ஜுக்குக் கீழே ஒரே இடத்தில் சாக்பீஸ் வட்டம் இருந்தது. அங்கே சாப்லெட் வருகிறதா? வருகிறது என்றால் மெஷினிங்குக்கு முன்பே அந்த இடத்தைப் பார்க்க வழி இருக்கலாம். ஃபவுண்டரியில் ஒருநாள் நின்று பார்த்தால்தான் தெரியும், என் ஊகம் தப்பாகவும் இருக்கலாம். முதல் மாதம் நான் செய்ய ஆசைப்படுவது இந்த மாதிரி வேலைதான்."

அப்பாவைப் பற்றி எழுதவில்லை. கேட்டால் சொல்வேன். சம்பளத்தையும் எழுதவில்லை.

பீளமேடு | ஜூன் 4, மாலை 4.30

நன்றாக இருக்கிறது. கேள்வியாகக் கேட்டீர்களே, அதுதான் சரி. "உங்கள் நிராகரிப்புக்குக் காரணம் சாப்லெட்" என்று எழுதியிருந்தால், ஒன்றரை மணி நேரம் உள்ளே வந்தவர் எனக்குப் பாடம் எடுக்கிறார் என்று தோன்றியிருக்கும்.

சம்பளத்தை ஒரு வரியில் சொல்லியிருக்கலாமோ என்று மட்டும் நினைக்கிறேன்.

ஆள்தேர்வு 11 வருடம் | ஜூன் 4, மாலை 4.45

எழுதாததே நல்லது. எழுதிய எண்ணுக்கு மேல் ஒரு ரூபாய் வராது. போனில் ஹெச்ஆர் கேட்கும்போது, "உங்கள் வரம்பு தெரியும், அதை வைத்து வீட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் விண்ணப்பித்தேன்" என்று சொன்னால் போதும்.

ஒரகடத்திலிருந்து | ஜூன் 8, சனி, இரவு 9.30

நாலு நாள் ஆயிற்று. பதில் இல்லை. 'கிடைத்தது' என்று ஒரு வரிகூட இல்லை. இன்று டயாலிசிஸ் வார்டுக்கு வெளியே உட்கார்ந்து அந்த மெயிலைப் பத்துத் தடவையாவது படித்திருப்பேன். கடைசிப் பத்தி அதிகப்பிரசங்கித்தனமோ என்று இப்போது தோன்றுகிறது. அவர் கம்பெனியின் கெட்ட சரக்கைப் பற்றி நான் ஏன் பேச வேண்டும்?

கணக்குப் பிரிவு | ஜூன் 8, இரவு 10.00

அது உங்கள் வேலை விஷயம்தானே. நீங்கள் பேசாமல் யார் பேசுவது?

ஆள்தேர்வு 11 வருடம் | ஜூன் 9, ஞாயிறு, காலை 8.15

அவர்கள் தேதி சொல்லவில்லை என்றால் ஐந்து வேலை நாள் பொறுக்க வேண்டும். செவ்வாய் ஹெச்ஆருக்கு ஒரே ஒரு போன். காலை 11 மணிக்கு மேல், சாப்பாட்டு நேரத்துக்கு முன். "என்ன ஆச்சு சார்?" என்று கேட்டால் "இன்னும் முடிவாகலை" என்று வைத்துவிடுவார்கள். "இந்த வேலை எனக்குச் சரிவருமா என்பதில் சாருக்கு இன்னும் சந்தேகம் இருந்தால், பத்து நிமிடம் பேச முடியுமா?" என்று கேளுங்கள். அதை உள்ளே போய்க் கேட்டுத்தான் அவர் பதில் சொல்ல முடியும். அதற்கு அப்புறம் போன் வேண்டாம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், பிறகு வருத்தப்படக் கூடாது என்பதற்காக. சில இடங்களில் 'தகுதி அதிகம்' என்பது 'வயது அதிகம்' என்பதற்கு மரியாதையான பெயர். அங்கே எந்த மெயிலும் வேலை செய்யாது. என் கம்பெனியிலேயே அது நடப்பதைப் பார்த்திருக்கிறேன், தடுக்க முடியவில்லை.

சூலூர் | ஜூன் 9, காலை 9.00

அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஆள்தேர்வு 11 வருடம் | ஜூன் 9, காலை 9.20

உறுதியாகக் கண்டுபிடிக்க வழி இல்லை. இவர் ஒன்றரை மணி நேரம் ஒதுக்கி ஷாப்ஃப்ளோரைக் காட்டியிருக்கிறார். வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டவர் அவ்வளவு நேரம் நடக்க மாட்டார். அதை வைத்துத்தான் நம்பிக்கை.

ஒரகடத்திலிருந்து | ஜூன் 11, செவ்வாய், மதியம் 12.05

பேசினேன். நீங்கள் சொன்ன வாக்கியத்தை அப்படியே சொன்னேன். ஹெச்ஆர் பெண் "ஒரு நிமிஷம் மேடம்" என்று ஹோல்டில் போட்டார். திரும்பி வந்து, "வெள்ளிக்கிழமை வர முடியுமா? செக்‌ஷன் இன்சார்ஜ் பேசணுமாம்" என்றார். நான் அவரிடம்தான் ரிப்போர்ட் செய்ய வேண்டியிருக்கும். வயது 29 என்று போனிலேயே விசாரித்துக்கொண்டேன்.

பீளமேடு | ஜூன் 11, மதியம் 12.40

மூன்றாவது கேள்வி வந்துவிட்டது. அவருக்கும் பயம் இருக்கும், தன் நாற்காலிக்கு ஆள் வருகிறதோ என்று. அவரை 'தம்பி' என்று கூப்பிட்டுவிடாதீர்கள்.

ஒரகடத்திலிருந்து | ஜூன் 14, வெள்ளி, இரவு 8.20

போய் வந்தேன். நடந்ததை எழுதுகிறேன், யாருக்காவது உதவும்.

சார் என்றுதான் கூப்பிட்டேன். அவர் ரெசுமேயைத் திறக்கவே இல்லை. ஒரு கேசிங்கை மேஜையில் வைத்து, துளையின் உள்விட்டத்தை அளக்கும் போர் கேஜைக் கையில் கொடுத்து, "பேரிங் உட்காரும் போரை அளந்து சொல்லுங்க" என்றார். போர் கேஜைத் தொட்டு நாலு வருடம் ஆகியிருந்தது. அவசரப்படவில்லை. முதலில் அளவு தெரிந்த செட்டிங் ரிங் கேட்டு வாங்கி ஜீரோ செய்தேன். துணியால் போரைத் துடைத்தேன். கேஜை உள்ளே விட்டு மெதுவாக முன்னும் பின்னும் ஆட்டி, முள் திரும்புகிற இடத்தைப் படித்தேன். குறுக்கே ஒன்று, நெடுக்கே ஒன்று, ஆழத்தில் ஒன்று. எனக்கு ஏழெட்டு நிமிடம் ஆயிற்று. அவருடைய ஆட்கள் இரண்டு நிமிடத்தில் முடிப்பார்கள். அதையும் அவரிடம் சொன்னேன். "ஒரு மாசத்துல கை பழகிடும்" என்றார்.

அப்புறம், "நான் சொல்றது தப்புன்னு உங்களுக்குத் தோணினா என்ன செய்வீங்க?" என்றார். "உங்கள் மேஜைக்கு வந்து தனியாகச் சொல்வேன். ரிப்போர்ட்டில் கையெழுத்து உங்களுடையது, முடிவும் உங்களுடையது" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

கடைசியில் ஒரு பிரின்ட் எடுத்த தாளைக் காட்டினார். என் மெயில்! பிளான்ட் மேனேஜர் அதை அன்றைக்கே இவருக்கு அனுப்பி, சாப்லெட் பத்தியைப் பற்றி இவங்களிடம் கேட்டுப் பார் என்று எழுதியிருந்தார். நாலு நாளும் என்னைப் பற்றிப் பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். எனக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

சென்னையை ஏன் விட்டீர்கள் என்று கேட்டார். அப்பாவைப் பற்றிச் சொன்னேன். செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸ் என்றும், அம்மாவும் சித்தப்பா மகனும் கூட்டிப் போகிறார்கள், எனக்கு அவசரம் என்றால்தான் லீவு வேண்டும் என்றும் சொன்னேன். அவர் முகத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை.

பீளமேடு | ஜூன் 14, இரவு 8.50

ஏழெட்டு நிமிடம் ஆனது நல்லதற்குத்தான். ஜீரோ செய்யாமல் அளக்கிற சீனியர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

மெக்கானிக்கல் மூன்றாம் வருடம் | ஜூன் 14, இரவு 9.15

அக்கா, செட்டிங் ரிங் கொடுக்கவில்லை என்றால் எப்படி ஜீரோ செய்வது?

ஒரகடத்திலிருந்து | ஜூன் 14, இரவு 9.25

மைக்ரோமீட்டரை அந்த அளவுக்குப் பூட்டி, அதன் இரண்டு முகத்துக்கும் நடுவில் கேஜைப் பிடித்துச் செய்யலாம். கை ஆடும், கவனம் வேண்டும். லேபில் ஒருநாள் செய்து பாருங்கள் தம்பி.

ஒரகடத்திலிருந்து | ஜூன் 24, திங்கள், மாலை 6.00

ஆஃபர் வந்துவிட்டது. 9 லட்சத்து 20 ஆயிரம். ப்ரொபேஷன் ஆறு மாதம். ஜூலை 8 சேர வேண்டும். ஹெச்ஆர் சம்பளம் கேட்டபோது வீட்டுக் கணக்கு வாக்கியத்தைச் சொன்னேன். "அப்ப சரி மேடம்" என்று உடனே அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். பேசியிருந்தால் இன்னும் ஐம்பதாயிரம் வந்திருக்குமோ என்று கணவர் கேட்கிறார். வந்திருக்கலாம்.

சூலூர் | ஜூன் 24, மாலை 6.30

வாழ்த்துகள். மைத்துனரிடம் யூஏஎன் விஷயத்தைச் சொன்னேன். இரண்டு நாளாக அவர் முகமே சரியில்லை.

கணக்குப் பிரிவு | ஜூன் 24, இரவு 7.10

மனசு நிறைந்துவிட்டது. அப்பா எப்படி இருக்கிறார்?

ஒரகடத்திலிருந்து | ஜூலை 20, சனி, இரவு 9.45

அப்பா பரவாயில்லை. இன்று வார்டிலிருந்துதான் எழுதுகிறேன்.

சாப்லெட் விஷயம் என்ன ஆயிற்று என்றும் சொல்லிவிடுகிறேன். கசிந்த கேசிங் ஒன்றை அந்த இடத்தில் அறுத்துப் பார்த்தோம். அங்கே சாப்லெட் இருக்கிறது. அதைச் சுற்றி மயிரிழை மாதிரி ஒரு கோடு ஓடுகிறது, இரும்போடு ஒட்டவில்லை. அந்த மூன்றுக்கும் காரணம் அதுவாக இருக்கலாம். மற்ற இரண்டும் வேறு கதை, ஒன்றில் இரும்பு இறுகும்போது விழுந்த சுருக்கக் குழி, இன்னொன்றில் இன்னும் பிடிபடவில்லை. ஃபவுண்டரிக்காரர் தன் சாப்லெட் புதுசு, துருவே இல்லை என்கிறார். ஊற்றும்போது சூடு குறைகிறதா என்று கேட்டால் அதுவும் இல்லை என்கிறார். இன்சார்ஜ், "நீங்களே ஒருநாள் போய் நின்னு பாத்துட்டு வாங்க" என்றுவிட்டார். ஊற்றுவது விடியற்காலை ஐந்து மணிக்காம். புதன்கிழமை அப்பாவுக்கு டயாலிசிஸ் இல்லை, அன்றைக்குப் போகிறேன்.